விழுங்காத சாராயம்

டொக்டர் கனகசபாபதி பல்லைப் பார்த்து முடித்த பிறகும் நோயாளியை எழும்ப விடமாட்டார். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த அவருடைய பல் கிளினிக்கில் இது எல்லோரும் அறிந்த தொல்லை. "நாக்கை நீட்டுங்கோ" என்பார். அவர் கை நீட்டுமுன் கிளினிக் உதவியாளர் புளோறன்ஸ், காயம் கட்டும் மெல்லிய கோஸ் துணியில் ஒரு துண்டை எடுத்து வைத்திருப்பாள். நாக்கின் நுனியை அந்தத் துணியால் பிடித்து, ஒரு பக்கம் இழுத்து ஓரத்தைப் பார்ப்பார். மற்றப் பக்கம் இழுத்துப் பார்ப்பார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியைப் பார்ப்பார். பிறகு கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, தாடையின் கீழும் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் மெல்லத் தடவுவார்.

"நான் பல்லுக்குத்தான் வந்தனான் டொக்டர்," என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

"பல்லுப் போனா வேற கட்டலாம்," என்பார் அவர்.

அந்த அறையில் வானொலி கிடையாது. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் சத்தமும், தூரத்தில் ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும் சத்தமும்தான். புளோறன்ஸுக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டில் அப்படி ஒரு மௌனம் கிடைப்பதில்லை. அவள் கணவர் ஒஸ்வால்ட் பேசாத நேரத்தில் பாடிக்கொண்டிருப்பார். பாடாத நேரத்தில் இருமிக்கொண்டிருப்பார்.

எத்தனையோ பேரின் வாய்களுக்கு அவள் விளக்குப் பிடித்திருந்தாள். ஆனால் ஒஸ்வால்டின் வாயை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால், "உன்ர டொக்டர்ட கதிரையில பார்க்கிற வாய் காணாதா உனக்கு? என்ர பல்லுமுரசைத் தேய்ச்சுப் பார். ஒரு சொட்டு ரத்தம் வராது. பல்லுவலி வந்தா ஒரு மிடறு சாராயம், ஒரு கராம்பு. அவ்வளவுதான்," என்பார். பல்லைச் சுற்றியுள்ள அந்தச் சதையில் இரத்தம் வராததைத் தன் வாயின் நற்சாட்சிப் பத்திரம் போல எல்லோருக்கும் சொல்லுவார்.

துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இரண்டு. மாலையில் சாராயம், நாள் முழுக்கச் சிகரெட். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இரண்டும் ஓய்வு பெறவில்லை. ஆனால் அவரைக் குடிகாரன் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். அதற்குக் காரணம் தவக்காலம்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலையில், நெற்றியில் சாம்பல் பூசி வந்ததும், மிச்சமிருக்கும் சாராயப் போத்தலை அவர் ஊதாத் துணியில் சுற்றுவார். கோயிலில் சுரூபங்களை மூடத் தைத்ததில் மிஞ்சிய துணி அது. போத்தலின் கழுத்தில் புளோறன்ஸ் முடிச்சுப் போடுவாள். போத்தல் அலுமாரியின் மேல் ஏறும். ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்த பிறகுதான் இறங்கும். "குடிகாரன் எண்டா தவக்காலம் முழுக்க விடுவானா?" என்று அவர் கேட்பார். சிகரெட்டைப் பற்றி மட்டும் அவர் நேர்ச்சை எதுவும் செய்யவில்லை. "புகைக்கு வேதத்தில ஒண்டும் இல்லை," என்பார்.

அவருக்கு அந்த நாட்களில் குரல் வேண்டும். தவக்கால வெள்ளிகளில், தெருவில் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீட்டில், ஆண்டவரின் பாடுகளைப் புலம்பலாகப் பாடுவார்கள். ஒஸ்வால்ட்தான் பெரிய குரல். அவர் ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். உடனே புளோறன்ஸ் பதிலடியை எடுப்பாள். மற்றப் பெண்கள் அவள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அவள் எடுக்காமல் எவரும் எடுப்பதில்லை. அது யாரும் வைத்த சட்டமல்ல. கலியாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படியே ஆகிவிட்டது.

போன தவக்காலத்துக்குச் சற்று முன்னர் அவருக்கு நாக்கில் ஏதோ எரிவு இருந்தது. சாராயம் நின்றதும் எரிவு குறைந்தது. "பார்த்தியா, விரதம்தான் மருந்து," என்றார். புளோறன்ஸும் அதை நம்பினாள். நம்ப விரும்பினாள் என்பதே சரி.

இந்த வருஷம் எரிவு குறையவில்லை.

அவர் கஞ்சியை மட்டும் குடித்தார். மீன்குழம்பில் கொச்சிக்காய் உறைப்புக் கூடிவிட்டது என்று தள்ளிவைத்தார். புளோறன்ஸ் கொச்சிக்காய் குறைத்தாள், அதையும் தள்ளிவைத்தார். இடது பக்கத்தால் மெல்லுவதை விட்டிருந்தார். பேசும்போது நாக்கு தடித்துப் புரள்வது போலிருந்தது. இடது காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டே இருந்தார்.

"காதில என்ன?"

"தண்ணி போயிருக்கும்."

காதில் தண்ணீர் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். நாக்கின் பின்புறத்து நோவு காதில் கேட்கும் என்று டொக்டர் ஒருமுறை யாருக்கோ சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் அந்த நினைவை அப்படியே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

அந்த ஞாயிறு பின்னேரம் றேமண்ட் வந்தான். ஒஸ்வால்டோடு துறைமுகத்தில் வேலை செய்தவன். புலம்பலில் இரண்டாம் குரல். குடியிலும் புகையிலும்கூட இரண்டாம் ஆள். இருவரும் முன்னறையில் இருந்து சிகரெட் பற்றவைத்தார்கள். புளோறன்ஸ் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், இந்த முறை உன்ர குரல் சிமெந்து மூட்டை இழுக்கிற மாதிரி இருக்கு," என்றான் றேமண்ட்.

"உன்ர குரல் எப்பவும் அப்படித்தானே. நான் ஒருக்கா இழுத்தா குறையா?"

கதிரை நகரும் சத்தம் கேட்டது. ஒஸ்வால்ட் எழுந்து உள்ளே போனார். அலுமாரியின் பக்கம். பிறகு பின்பக்கத்துத் தொட்டியடியில் நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. அதன்பிறகு துப்பும் சத்தம். மறுபடியும் அமைதி. மறுபடியும் துப்பும் சத்தம்.

அவர் திரும்பி வந்தபோது றேமண்ட் மூக்கை உறிஞ்சிச் சிரித்தான். "அடேய். விரதம்."

"குடிக்கேல்லையே. நோவுக்கு வாயில வச்சிருந்து துப்பினனான். ஒரு துளி தொண்டைக்குக் கீழ போகேல்லை."

"பங்குச் சாமியிட்ட கேட்டியா?"

"சாமியிட்ட கேட்டா ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லிப்போடுவார். பிறகு கரைச்சல்."

இருவரும் சிரித்தார்கள். ஒஸ்வால்டின் சிரிப்பு பாதியில் நின்று இருமலானது. பிறகு தீப்பெட்டி உரசும் சத்தம்.

றேமண்ட் போன பிறகு புளோறன்ஸ் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, போத்தலை இறக்கினாள். ஊதாத் துணியின் முடிச்சு அவள் போட்டதல்ல. துறைமுகத்து முடிச்சு, ஒரு இழுவையில் அவிழக்கூடியது. சாம்பல் புதனில் சுற்றிவைத்ததில் பாதிகூடப் போத்தலில் இருக்கவில்லை. அவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள். ஒஸ்வால்ட் வாசலில் நின்று பார்த்தார்.

"நான் விழுங்கேல்லை," என்றார்.

"எவ்வளவு நேரம் வாயில வச்சிருக்கிறீங்க?"

"விறைக்கும்வரைக்கும்."

"பிறகு சிகரெட்."

"பிறகு சிகரெட்."

அவள் எழுந்து தன் கைப்பையைத் திறந்தாள். கிளினிக்கிலிருந்து கையோடு வந்துவிட்ட கோஸ் துணி எப்போதும் அதில் ஒன்றிரண்டு கிடக்கும். டோர்ச் லைட்டை எடுத்தாள். "ஜன்னலடிக்கு வாங்க," என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தார். நாக்கை நீட்டினார். அது நேராக வரவில்லை. இடப்பக்கம் சற்றே திரும்பி நின்றது. அவள் நுனியைத் துணியால் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். அவர் முனகினார்.

இடது ஓரத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேரே, சிவந்த பள்ளமொன்று இருந்தது. அதைச் சுற்றி வெள்ளை படர்ந்திருந்தது. பள்ளத்தின் விளிம்பு தடித்துச் சுருண்டிருந்தது. அவள் சுண்டுவிரலால் விளிம்பைத் தொட்டாள். அது சதை போல இல்லை. உள்ளே ஒரு புளியங்கொட்டை இருப்பது போலக் கடினமாக இருந்தது.

அவள் கையை எடுத்தாள். துணியை மடித்தாள். மடித்ததை மறுபடியும் மடித்தாள்.

"என்ன?" என்றார் அவர்.

"நாளண்டைக்குக் காலமை என்னோட வெள்ளவத்தைக்கு வாங்க."

செவ்வாய்க்கிழமை இருவரும் மட்டக்குளியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினார்கள். சண்டை நின்றிருந்த அந்த வருஷம் வீதிச் சோதனைச் சாவடிகளை எடுத்திருந்தார்கள். பஸ் எங்கும் நிற்காமல் போயிற்று. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஒஸ்வால்ட் அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த ஆள் பல்லைப் பிடுங்கிப் போடுவாரோ?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் பல்லுக்குப் பயப்படுகிறார் என்பதில் அவளுக்கு ஒரு விதமான இரக்கம் வந்தது.

டொக்டர் கனகசபாபதி வழக்கம்போலப் பல்லிலிருந்தே தொடங்கினார். சிறிய கண்ணாடியை மேல்முன்பற்களின் உட்புறம் வைத்துப் பார்த்தார்.

"நெஞ்செரிவு இருக்கோ? விடியப் புளிச்சுக்கொண்டு மேல வாறது?"

"இருக்கு டொக்டர். கன காலம்."

"குடிச்சா அப்படி வரும். அந்தப் புளிப்பு இந்தப் பல்லுகளின்ர உள்பக்கத்தைக் கரைச்சுப்போட்டுது. கண்ணாடி மாதிரி மெல்லிசா நிக்குது." அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "வாய் காயுதோ?"

"தண்ணி குடிச்சுக்கொண்டே இருப்பன்."

"எச்சில் காணாது. எச்சில் இல்லாட்டிப் பல்லு வேரடியில சூத்தை விழும். விழுந்திருக்கு."

"முரசு மட்டும் நல்லம் டொக்டர். ஒருநாளும் ரத்தம் வந்ததில்லை."

டொக்டர் ஒரு மெல்லிய கருவியை முரசுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கினார். அது எங்கோ ஆழத்தில் போய் நின்றது. இரத்தம் வரவில்லை.

"சிகரெட் முரசில இருக்கிற சின்ன நாளங்களை இறுக்கிப்போடும். அதாலதான் ரத்தம் வாறேல்லை. நோய் உள்ளுக்க இருக்கு. வெளியில தெரியாமல் மூடி வச்சிருக்கு."

ஒஸ்வால்ட் அதைக் கேட்டுப் புளோறன்ஸைப் பார்த்தார். இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்த ஒன்று அவரிடமிருந்து கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

"நாக்கை நீட்டுங்கோ."

அன்றுதான் முதன்முறையாக டொக்டர் கை நீட்டியபிறகும் அந்தக் கையில் துணி இருக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டியபடியே காத்திருந்தார். புளோறன்ஸ் துணியை வைத்தாள்.

அவர் பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவினார். இடது தாடையின் கீழே அவர் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. கொஞ்சம் முன்னே போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தன. புளோறன்ஸ் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை இப்படி நிற்பதை இதற்கு முன்னரும் சில தடவைகள் பார்த்திருக்கிறாள்.

கையுறையைக் கழற்றிவிட்டு டொக்டர் தன் முக்காலியை ஒஸ்வால்டின் முன்னால் இழுத்துப்போட்டு அமர்ந்தார்.

"எவ்வளவு காலமாய் இந்தப் புண்?"

"இந்த முறை ரெண்டு மூண்டு மாசம் இருக்கும். போன வருஷமும் ஒருக்கா வந்து ஆறினது."

"ஆறேல்லை. எரிவுதான் குறைஞ்சிருக்கும். சாராயம் படாட்டி எரிவு குறையும். புண் அங்கயே இருந்திருக்கும்."

"இப்பவும் நான் குடிக்கிறேல்லை. தவக்காலம். வாயில வச்சிருந்து துப்புறதுதான்."

டொக்டர் நெற்றியைத் தேய்த்தார். அவர் சைவர். ஆனால் விரதம் என்றால் என்னவென்று தெரிந்தவர்.

"விழுங்காட்டி ஈரலுக்குப் போறது குறையும். வாய்க்கு ஒண்டும் குறையாது," என்றார். "வாயின்ர உள்தோல் ஒரு வேலி மாதிரி. சாராயம் அந்த வேலியை நெகிழ்த்தும். வாயில இருக்கேக்கையே அதில கொஞ்சம் இன்னொரு நஞ்சாயும் மாறும். அது நிக்கிற இடத்துக்கு நீங்கள் உடன சிகரெட்டை அனுப்புறியள். புகையில இருக்கிற நஞ்சு நெகிழ்ந்த வேலியால உள்ளுக்குப் போகும். தனிச் சாராயத்தாலயும் இது வரும். தனிப் புகையாலயும் வரும். ரெண்டும் ஒரே வாயில சேர்ந்தா கூட்டல் கணக்கில்லை. பெருக்கல். நாக்குக்கும் அப்படித்தான், தொண்டைக்கும் அப்படித்தான்."

ஒஸ்வால்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கான்சரா?"

"கண்ணால பார்த்துச் சொல்லக்கூடாது. ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கவேணும். ஆனா நான் பயப்படுறன். அதைச் சொல்லாமல் விடுறது சரியில்லை. கழுத்திலயும் ஒரு கட்டி இருக்கு. திங்கட்கிழமை பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. நான் கதைச்சு வைக்கிறன்."

"துண்டு எடுத்தா பாடலாமோ?"

"தையல் போடுவினம். ஒரு கிழமை, பத்து நாள் நாக்கு நோகும். பாட ஏலாது."

"பெரிய வெள்ளி வருது டொக்டர். நான் பாடாட்டி..." அவர் முடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அது முடியட்டும். ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த நாளே போறன். மாதா மேல சத்தியம்," என்றார்.

ரயிலொன்று போயிற்று. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"எனக்குப் பொறுக்கத் தெரியும்," என்றார் டொக்டர். "அந்தப் புண்ணுக்குத் தெரியாது."

பஸ்ஸில் திரும்பும்போது ஒஸ்வால்ட் ஜன்னலோரம் இருந்தார். அடுத்த இரண்டு நாட்களும் வீட்டில் பேச்சு இருக்கவில்லை. அவர் தொட்டியடிக்குப் போவதும் துப்புவதும் நின்றிருந்தது. ஆனால் சிகரெட் நிற்கவில்லை. முன்னறையில் புகைத்தபடி, உதடு அசையாமல், புலம்பலின் அடிகளை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும். வருஷத்தில் ஆறு ஏழு வெள்ளிகளில் அந்தத் தெரு முழுக்க அவரைக் கேட்டது. மற்ற நாட்களில் அவர் ஓய்வு பெற்ற ஒரு கணக்குக் கிளாக்கர். அந்த ஆறு ஏழு நாட்களை விட்டுத்தரும்படி யாராவது தன்னிடம் கேட்டால் தானும் ஈஸ்டர் முடியட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். அதனாலேயே அவரோடு வாதாட அவளிடம் சொல் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் புலம்பல் பேர்ணடெற் அக்காவின் வீட்டில். பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். பாய்களில் பெண்கள். சுவரோரம் நீளமான மர வாங்கில் ஆண்கள். ஒஸ்வால்டும் றேமண்டும் நடுவில் நின்றார்கள். எல்லோரும் சிலுவை அடையாளம் இட்டார்கள்.

ஒஸ்வால்ட் முதல் அடியை எடுத்தார். குரல் தடித்திருந்தது, ஆனால் அந்தப் பெரிய குரல்தான். ஒலிவ மலைத் தோட்டத்தில் ஆண்டவர் தனித்திருக்கிற இடம். நித்திரை கொண்டிருக்கும் சீடரைப் பார்த்து, ஒரு நாழிகை என்னோடு விழித்திருக்க மாட்டீர்களோ என்று அவர் கேட்கிற இடம். ஒஸ்வால்ட் அந்த அடியை நீட்டி, இறக்கி, நிறுத்தினார்.

பெண்கள் காத்திருந்தார்கள்.

புளோறன்ஸ் வாயைத் திறக்கவில்லை. அப்படிச் செய்யப்போகிறேன் என்று அவள் நினைத்து வந்திருக்கவில்லை. பதிலடி தொண்டைவரை வந்தது. அதை எடுத்தால் அவர் அடுத்த அடியைப் பாடுவார். அதற்கும் அவள் பதில் எடுப்பாள். அப்படியே பெரிய வெள்ளிவரை போகும். அவள் உதடுகளை மூடிக்கொண்டாள்.

பேர்ணடெற் அக்கா திரும்பிப் பார்த்தார். யாரோ செருமினார்கள். ஒஸ்வால்ட், அவள் தவறவிட்டுவிட்டாள் என்று எண்ணி, அதே அடியை மறுபடியும் பாடினார். இந்த முறை இறக்கத்தில் நாக்கு புரண்டது. நிறுத்தினார்.

மெழுகுதிரி உருகிற்று. தெருவில் ஒரு ஓட்டோ போயிற்று. ஒருவரும் எடுக்கவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன, வாய் மூடியிருந்தது. அவ்வளவு பெரிய மௌனத்தில் அவர் முன்னொருபோதும் நின்றதில்லை. அந்த மௌனத்துக்குள் அவர் எதையோ கேட்டிருக்க வேண்டும். மெல்ல றேமண்டின் தோளில் கை வைத்தார்.

"நீ பிடி," என்றார்.

"என்ன விளையாட்டா? நானா?"

"பிடி தம்பி."

"என்ன ஒஸ்வால்ட், சுகமில்லையா?" என்று பேர்ணடெற் அக்கா கேட்டார்.

"வாயில ஒரு புண் அக்கா," என்றார் ஒஸ்வால்ட். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்." சொல்லிவிட்டு வாங்கின் கோடியில் போய் அமர்ந்தார்.

றேமண்ட் அதே அடியைத் தொடங்கினான். குரல் நடுங்கிற்று; இரண்டிடத்தில் பிசகிற்று. அவன் நிறுத்தியதும் புளோறன்ஸ் பதிலடியை எடுத்தாள். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஒஸ்வால்ட் ஊதாத் துணியை அவிழ்த்து, போத்தலைத் தொட்டியில் கவிழ்த்தார். துணியை மடித்து அவளிடம் தந்தார். சிகரெட்டை அவர் அன்று விடவில்லை. அது கடினமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் துண்டு எடுத்துத் தைத்த பிறகு, வெட்டிய இடம் ஆறவேண்டுமானால் புகை படக்கூடாது என்று அங்கே ஒரு இளம் டொக்டர்ப் பெண் சொன்னாள். "இப்ப நிப்பாட்டி என்ன மிஸ்?" என்று இவர் கேட்டதற்கு, "நிப்பாட்டினா இது மறையாது. ஆனா வைத்தியம் பிடிக்கும். இன்னொரு இடத்தில வாறது குறையும்," என்றாள். அன்றிலிருந்து அவர் வெறும் தீப்பெட்டியை உருட்டிக்கொண்டு முன்னறையில் இருந்தார். சினந்தார். ஒருமுறை தேத்தண்ணிக் கோப்பையை எறிந்தார். பிறகு அவரே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

குருத்தோலை ஞாயிறுக்குப் பின் வந்த புதன்கிழமை முடிவைச் சொன்னார்கள். கான்சர்தான். நாக்கின் இடது ஓரத்தையும் கழுத்துக் கட்டிகளையும் ஈஸ்டருக்கு அடுத்த கிழமை வெட்டி எடுப்பார்கள். அதன்பிறகு மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுப் பிடிக்கவேண்டும். கதிர் பிடித்த தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாது என்பதால், கெட்ட பற்களை முன்னரே பிடுங்கவேண்டும். இன்னும் சில மாதம் பிந்தியிருந்தால் வெட்டவே வழியிருந்திராது என்றும் சொன்னார்கள். பிழைப்பாரா என்று புளோறன்ஸ் கேட்டாள். பாதிக்குப் பாதி என்றார்கள். பேசுவாரா என்று கேட்டாள். பேசுவார், பழகவேண்டும் என்றார்கள். பாடுவாரா என்று அவள் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பெரிய வெள்ளி அன்று மதியத்தில் றேமண்ட் பாடினான். மூன்று வெள்ளிகளில் அவன் குரல் பிசகாமல் பழகியிருந்தது. பெரிய குரல் ஆகவில்லை. ஒஸ்வால்ட் வாங்கின் கோடியில், ஒவ்வொரு அடிக்கும் உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பதிலடி வந்தபோதும் அவர் உதடு அசைவதைப் புளோறன்ஸ் கண்டாள். அவருக்கு அவளுடைய அடிகளும் தெரிந்திருந்தன. இத்தனை காலத்தில் அது அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். றேமண்ட் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்தான். ஒஸ்வால்டைக் கண்டதும் பற்றவைக்காமல் விரல்களுக்கிடையில் வைத்திருந்தான்.

"எப்பிடி மச்சான், பாடினது?"

"சிமெந்து மூட்டை," என்றார் ஒஸ்வால்ட். சொல் தடித்து, மெல்ல வந்தது. றேமண்ட் சிரித்தான். சிரித்து முடித்தும் போகாமல் நின்றான்.

"எனக்கும்," என்றான் குரலைத் தணித்து, "கன்னத்துக்கு உள்ளால ஒரு வெள்ளை இருக்கு. நோவு இல்லை. நோவில்லாட்டி ஒண்டுமில்லைத்தானே?"

ஒஸ்வால்ட் அவன் விரல்களுக்கிடையிலிருந்த சிகரெட்டை எடுத்து, இரண்டாய் முறித்து, தன் வெறும் தீப்பெட்டிக்குள் வைத்து மூடினார். அவனைக் கையில் பிடித்து, வெயில் விழுந்த மதிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நிமிர்த்தினார்.

"ஆ காட்டு."

"இஞ்சயா? சனம் பாக்குது."

"பாக்கட்டும். திங்கட்கிழமை வெள்ளவத்தை டொக்டர் பாப்பார். இப்ப நான் பாக்கிறன்."

றேமண்ட் வாயைத் திறந்தான். ஒஸ்வால்ட் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். அதற்குள் புளோறன்ஸ் கைப்பையைத் திறந்து, துணியை எடுத்து வைத்திருந்தாள்.